10.38

மார்ச் 4
செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் அட்டவணை, மங்கிய தாள் ஆறு. முதல் தாள் முடிந்தது. 10.20 என்று புள்ளி வைத்தால் எக்செல் அதை மணியாக எடுத்துக்கொள்வதில்லை. 10:20 என்று அடிக்க வேண்டும். காலையில் அடித்ததையெல்லாம் சாயங்காலம் திரும்ப அடித்தேன்.

மார்ச் 5
கண் எரிகிறது. சொட்டு மருந்து மூன்று வேளை.

மார்ச் 7
ஓடும் நேரத்துக்கு ஒரு பத்தி போட்டேன்.

```
=B4-B3
```

செங்கோட்டை 10.20, பகவதிபுரம் 10.38, ஆரியங்காவு 11.21. புறப்படும் நேரம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். பகவதிபுரத்திலிருந்து ஆரியங்காவுக்கு 43 நிமிடம் வருகிறது. மலை ஏற்றம், குகை எல்லாம் உண்டுதான். ஆனால் அதே தாளில் மற்ற வண்டிகளுக்கு 23 நிமிடம் போதுமாக இருக்கிறதே. என் கண்தான் தப்பாகப் படிக்கிறதா?

மார்ச் 8
எதிர் வண்டியின் பத்தியைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஆரியங்காவு 10.30, பகவதிபுரம் 10.53. ஒற்றைப் பாதை அது. வரைதாளில் ஸ்டேஷன்களைக் குறுக்காகவும் மணியை நெடுக்காகவும் வைத்து இரண்டு வண்டிக்கும் கோடு இழுத்தேன். கோடுகள் ஸ்டேஷனில் சேரவில்லை. 10.48 வாக்கில், நடுக்காட்டில் வெட்டிக்கொண்டன. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

10.58 என்று வைத்துப் பார்த்தேன். வண்டி பகவதிபுரத்தில் நிற்கிறது, எதிர் வண்டி உள்ளே வந்து 10.53-க்குக் கிளம்புகிறது, ஐந்து நிமிடம் கழித்து இது கிளம்புகிறது. ஆரியங்காவுக்குச் சரியாக 23 நிமிடம்.

மார்ச் 9
மகளிடம் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். "3தான்ப்பா. 5 இல்ல."

அப்படியானால் என் கண் இல்லை. தாளிலேயே தப்பு.

மார்ச் 10
அந்த வழியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, தாள்ல என்ன போட்டிருந்தாலும், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போக அனுமதியா குடுக்கிற டோக்கன் பந்து கைக்கு வராம டிரைவர் வண்டிய நகத்த மாட்டாரு. எதிர் வண்டி உள்ள வந்து, அது கொண்டுவந்த பந்த மெஷின்ல போட்டாத்தான் அடுத்த பந்து வெளிய வரும்" என்றார். சாப்பாட்டுத் தட்டை அப்போதுதான் கையில் எடுத்தேன்.

ஆனாலும் 10.38-ஐ நம்பி ஓடி வந்தவர்கள் இருபது நிமிடம் பிளாட்பாரத்தில் நின்றிருப்பார்களே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி நிற்பது போலவே தோன்றுகிறது.

மார்ச் 11
திருத்திவிடலாம் என்கிறாள் மகள். மாட்டேன். தாளில் இருப்பது 10:38, கட்டத்திலும் அதுதான் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் "10:58 ஆக இருக்க வேண்டும், எதிர் வண்டியோடு மோதுகிறது" என்று எழுதினேன். நாளைக்கு இதைத் திறப்பவருக்கு எது தாள், எது நான் என்று தெரிய வேண்டும்.

மார்ச் 12
மழை.

மார்ச் 13
நான்காம் தாளிலும் ஒரு 3. இது நிஜமாகவே 3ஆ, 8ஆ என்று பிடிபடவில்லை. மகள் வேலைக்குப் போய்விட்டாள். முதல் மூன்று தாள்களில் அடித்த 3 எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஆபரேஷன் திங்கட்கிழமை.