ஐந்து வாரமாகத் தொண்ணூறு சதவீதம்

நாற்பது வார மென்பொருள் திட்டம் அது. ஆறு பேர், வாரத்துக்கு 30 ஆள்நாள், மொத்தம் 1,200 ஆள்நாள் என்று பட்ஜெட் போட்டிருந்தோம். பணத்தில் கணக்கு வைக்காமல் ஆள்நாளில் வைத்தது வசதியாக இருந்தது. சம்பள விவரம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, கணக்கும் சுலபம். இருபதாவது வாரத்தின் கடைசியில் நான் மேலே அனுப்பிய அறிக்கையில் மூன்று எண்கள் இருந்தன. அதுவரை முடித்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு, அதாவது திட்டமிட்ட மதிப்பு PV, 600. முடித்ததாகக் குழு சொன்ன வேலையின் மதிப்பு, அதாவது ஈட்டிய மதிப்பு EV, 570. உண்மையில் செலவான நாட்கள், அதாவது AC, 580.

```
CPI = EV / AC = 570 / 580 = 0.98
SPI = EV / PV = 570 / 600 = 0.95
```

முதலாவது செலவுக் குறியீடு, இரண்டாவது அட்டவணைக் குறியீடு. ஒன்றுக்குக் கீழே போனால் செலவு கூடுகிறது, அல்லது வேலை பின்தங்குகிறது என்று அர்த்தம். 0.98, 0.95 இரண்டையும் பார்த்து யாரும் கவலைப்படவில்லை. நானும்தான்.

என்னை உறுத்தியது வேறு விஷயம். சோதனைக் குழுவில் இரண்டு பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் 12 மாட்யூல். பாதித் திட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்கிறது தாள். ஆனால் சோதனையில் தேறியவை இரண்டே இரண்டு. மிச்சமெல்லாம் எங்கே போயிற்று?

பழைய வாரங்களின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய சிஸ்டத்திலிருந்து தரவை மாற்றும் மாட்யூல் ஐந்து வாரமாகத் தொண்ணூறு சதவீதத்திலேயே நின்றிருந்தது. அதற்கு ஒதுக்கியது 60 நாள். ஏற்கனவே 66 நாள் செலவாகியிருந்தது. தொண்ணூறு சதவீதம் என்பதால் அதன் கணக்கில் 54 நாள் மதிப்பை நான் வரவு வைத்திருந்தேன்.

அதை எழுதிக்கொண்டிருந்த தம்பியிடம் போய் உட்கார்ந்தேன்.

“கோட் எல்லாம் எழுதியாச்சு சார். டேட்டாதான் தகராறு பண்ணுது.”

காட்டினான். மாதிரித் தரவில் அழகாக ஓடியது. நிஜத் தரவைக் கொடுத்ததும், ஒரே வாடிக்கையாளர் எண் இரண்டு பேருக்கு இருந்தது, தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தது, ஒரு காலத்தில் யாரோ குறிப்புப் புலத்தில் தொலைபேசி எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது கிளம்பியது. அவன் பொய் சொல்லவில்லை. எழுத நினைத்த கோடில் பத்தில் ஒன்பது பங்கை எழுதிவிட்டான். அதற்கு அப்பால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. தெரியாத வேலையைச் சதவீதத்துக்குள் சேர்க்க யாராலும் முடியாது.

தப்பு என்னுடையது. “எத்தனை சதவீதம் ஆச்சு?” என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே ஈட்டிய மதிப்பாக்கியிருந்தேன். வகுத்தல் சரி, வகுக்கப்பட்ட எண் ஒருவருடைய மனநிலை.

அந்த வார இறுதியில் எல்லா மாட்யூலுக்கும் மறுபடி மதிப்பெண் போட்டேன். வடிவமைப்பு பரிசீலனை முடிந்தால் 20 சதவீதம். கோட் பரிசீலனை முடிந்து பிரதானக் கிளையில் சேர்ந்தால் இன்னொரு 40. சோதனையில் தேறினால் மீதி 40. இடைப்பட்ட நிலைக்கு எதுவும் கிடையாது. தரவு மாற்றும் மாட்யூல் இன்னும் பிரதானக் கிளையில் சேரவில்லை. ஆகவே 54 நாள் 12 நாளாகச் சுருங்கியது. திட்டம் முழுக்கக் கூட்டினால் 570 இருந்த இடத்தில் 435.

```
CPI = 435 / 580 = 0.75
SPI = 435 / 600 = 0.725
EAC = 1200 / 0.75 = 1600
```

ஒரு நாள் செலவழித்தால் முக்கால் நாள் வேலைதான் கிடைக்கிறது. இதே வேகத்தில் போனால் 1,200 நாளில் முடியாது, 1,600 ஆகும், அதுதான் EAC. இதில்கூடக் கொஞ்சம் சர்க்கரை தடவியிருந்தது. கூட்டம், ஒருங்கிணைப்பு என்று 120 நாளைத் தனியாக ஒதுக்கியிருந்தோம். அந்த மாதிரி வேலைக்குக் காலண்டர் நகர்ந்தாலே மதிப்பு சேர்ந்துவிடும், பின்தங்கவே பின்தங்காது. அந்த வகையில் சேர்ந்த 60 நாளை எல்லாப் பக்கமும் கழித்தால் செலவுக் குறியீடு 0.72, அட்டவணைக் குறியீடு 0.69.

மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். எண் ஏன் ஒரே வாரத்தில் இப்படி விழுந்தது என்று கேட்டார், நியாயமான கேள்வி. வேலை விழவில்லை, அளவுகோலை மாற்றினேன் என்றேன். “சரி, மிச்ச வேலையை வேகமா முடிச்சு பட்ஜெட்டுக்குள்ள கொண்டு வந்துட மாட்டீங்களா?” என்றார். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மீதி வேலை 765 நாள் மதிப்பு, கையில் மீதி 620 நாள். அப்படியென்றால் இனிமேல் ஒவ்வொரு நாளும் 1.23 நாள் வேலை நடக்க வேண்டும். இதுவரை நடந்தது 0.75. அதே ஆட்களை வைத்துக்கொண்டு, நாளை காலையிலிருந்து ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகம். அவர் அந்த இரண்டு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்தார். இருபத்தெட்டாவது வாரத்தில் கூடுதல் ஆட்களுக்கு அனுமதி வந்தது.

புது முறையில் குறை இல்லாமல் இல்லை. “மூணு மாச உழைப்புக்கு வெறும் பன்னெண்டு நாளா சார்?” என்று தம்பி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. வேலையின் துண்டு பெரிதாக இருந்தால் மதிப்பு பல வாரம் அசையாமல் கிடந்து திடீரென்று தாவும். குறியீடும் அதோடு குதிக்கும். அதனால் அவனுடைய மாட்யூலை வாடிக்கையாளர், கணக்கு, பரிவர்த்தனை என்று ஐந்து துண்டாக உடைத்தோம். முதல் துண்டு பத்து நாளில் சோதனை தேறியது. மறுபடி திட்டமிட்டால் எந்தத் துண்டையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடமாட்டேன்.

நாற்பதாவது வாரம் வந்தது, போனது. திட்டம் முடியவில்லை. அப்புறம்தான் அட்டவணைக் குறியீட்டின் வேடிக்கை தெரிந்தது. நாற்பது வாரத்தோடு திட்டமிட்ட மதிப்பு 1,200-ல் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் ஏற இடமில்லை. ஈட்டிய மதிப்பு மட்டும் மெதுவாக ஏறிக்கொண்டே வரும். 44-வது வாரத்தில் 1,050, குறியீடு 0.875. ஐம்பதாவது வாரத்தில் 1,164, குறியீடு 0.97. பத்து வாரம் தாமதமான திட்டம், தாளில் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது.

இந்தக் கோளாறுக்கு வால்ட் லிப்கே 2003-ல் ஒரு வழி சொன்னார்: மதிப்பை மதிப்போடு ஒப்பிடாமல் காலத்தைக் காலத்தோடு ஒப்பிடுவது. இன்று ஈட்டியிருக்கும் மதிப்பை எந்த வாரத்தில் ஈட்டுவதாகத் திட்டமிட்டிருந்தோம் என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு 30 என்ற எங்கள் திட்டப்படி 1,050 என்பது 35-வது வாரத்து வேலை. நாங்கள் இருந்ததோ 44-ல். 35-ஐ 44-ஆல் வகுத்தால் 0.80. ஐம்பதாவது வாரத்தில் 38.8-ஐ 50-ஆல் வகுக்க வேண்டும்: 0.78. பழைய குறியீடு ஏறிய அதே ஆறு வாரத்தில் இது இறங்கியிருந்தது. கடைசி மாட்யூல்கள் எவ்வளவு இழுத்தன என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஐம்பத்திரண்டாவது வாரத்தில் முடித்தோம். செலவு 1,580 ஆள்நாள், செலவுக் குறியீடு 0.76. இருபதாவது வாரத்தில் போட்ட 1,600 கணக்குக்கு ரொம்பத் தள்ளிப் போகவில்லை. நிறைவு அறிக்கைக்கான படிவத்தில் அட்டவணைக் குறியீட்டுக்கு ஒரு கட்டம் இருந்தது. சூத்திரம் தானாகவே அதில் 1.00 என்று போட்டது. பச்சை நிறத்தில்.