எட்டு சதவீதம்

"அக்கா, நம்ம பழைய பார்ட்டி, 8% கேக்கறார். போட்டுக் குடுங்க."

சேல்ஸ் தம்பியின் வாட்ஸ்அப் குரல் செய்தி இவ்வளவுதான். மேனேஜர் ஒப்புதலுக்கு இந்தத் தள்ளுபடி பற்றி நான் ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

விலை 1000 ரூபாய், அடக்கம் 780. 8% குறைத்தால் 220 ரூபாய் லாபம் 140 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது!

லெட்ஜரைப் பார்த்தேன். மூன்று வருடப் பழக்கம் உண்மைதான். ஆனால் 30 நாள் கடனுக்குப் பணம் வருவது 50 நாளில்.

"ஏன் தம்பி கேக்கறார்?" என்று போன் செய்தேன். வேறு கம்பெனியின் கொட்டேஷனை அப்போதுதான் அனுப்பினான். 950 ரூபாய்.

சரியான காரணம் அவன் கையிலேயே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"பழைய பார்ட்டி"யை எடுத்துவிட்டு எழுதினேன்: "கொட்டேஷன் இணைத்துள்ளேன். 5% தரலாம், லாபம் 170 ரூபாய். இந்த ஆர்டருக்கு மட்டும், 30 நாளில் பணம் என்ற நிபந்தனையோடு."