மயில்கழுத்து மாட்டிக்கொண்டது

நேற்று நாத்தனார் மகனுக்கு நிச்சயதார்த்தம். "இருக்கிறதையே கட்டிக்கோ, யாரு பார்க்கப்போறா?" என்றார் வீட்டுக்காரர். பத்து வருடமாக ஒரே சந்தன நிறச் சட்டையில் எல்லா விசேஷத்துக்கும் போய்வருகிற மனிதர், அப்படித்தான் பேசுவார். அவரை யாரும் பார்க்கமாட்டார்கள்தான்.

என்னைப் பார்க்கச் சின்ன அத்தை இருக்கிறார். மூக்கில் இருக்கும் கண்ணாடியைத் தேடுகிறவர்தான், ஆனால் எவர் எந்தக் கல்யாணத்தில் என்ன கலர் கட்டினார் என்பது மட்டும் மறக்காது. மறந்தாலும் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ கிடக்கிறது.

சரி, மாறுவேடம் போட்டுவிடலாம் என்று என் வளைகாப்புப் புடவையை எடுத்தேன். மயில்கழுத்து கலர், அரக்கு பார்டர். ரோல் பாலிஷுக்குக் கொடுத்ததில் மொடமொடவென்று வந்தது. பழைய குஞ்சத்தை வெட்டிவிட்டுப் புதிதாக முடிந்தாயிற்று. ரவிக்கைதான் தகராறு. பட்டு ரவிக்கை பீரோவுக்குள்ளேயே சுருங்கும் என்பது ஊரறிந்த விஷயம். உள்ளே விட்டிருந்த தையலை ஏற்கெனவே மூன்று முறை பிரித்தாயிற்று, இனிப் பிரித்தால் இடுப்பில் வெறும் காற்றுதான். அதனால் மாம்பழ மஞ்சளில் புதிதாக, கையில் ஆரி வேலையோடு. தையற்கூலி கேட்டதும், இதற்கு ஒரு புடவையே எடுத்திருக்கலாமே என்று தோன்றியது. வீட்டுக்காரரிடம் பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன்.

மண்டப வாசலில் சந்தனம்கூட எடுக்கவில்லை, அத்தை என் முந்தானையைப் பிடித்துவிட்டார். திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஜரிகையை லேசாகச் சுரண்டினார், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசலாம். எனக்கு உயிரே சுரண்டப்பட்டது போலிருந்தது.

"அசல்தான்" என்றவர் குரலைத் தாழ்த்தி, "வளைகாப்புக்குக் கட்டினதுதானே?" என்றார்.

மஞ்சள் ரவிக்கை, குஞ்சம், பாலிஷ் எல்லாம் அரை நிமிடத்தில் போச்சு. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எங்கம்மா பாலிஷ் போட்ட?"

சொன்னேன். அத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தன் கொசுவத்தில் ஒரு மடிப்பை விரலளவு விலக்கிக் காட்டினார். ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல் நீளமாக ஒரு விரிசல், நடுவில் இரண்டு ஊக்கு. வருடக்கணக்கில் மடிப்பு மாற்றாமல் வைத்தால் பட்டு மடித்த கோட்டிலேயே விட்டுவிடும்.

"பெரியவ கல்யாணத்துக்கு எடுத்தது. பாலிஷ் போட்டா தாங்குமா?"

அவருடைய பெரியவளுக்கே பேத்தி பிறந்துவிட்டது. இத்தனை வருடமாக எங்கள் எல்லோருடைய புடவைக்கும் கணக்கு வைத்திருந்தாரே, இவர் புடவையை ஒருநாளாவது நான் பார்த்திருக்கிறேனா?

போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அத்தை கொசுவத்தை நீவிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பின்வரிசைக்கு வா. இடுப்புக்கு மேலதான் விழும்."