அக்கா வேலைக்குத் திரும்பிய நாட்கள்

ஆகஸ்ட் 18, திங்கள்

எங்கள் கணக்குப் பிரிவின் மூத்தவர், நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், செப்டம்பர் 1 அன்று வேலைக்குத் திரும்புகிறார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்று எட்டு மாதம் விடுப்பில் இருந்தார். இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "பேரைப் போடாதே, மத்ததை எழுது. அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்" என்றார்.

மருத்துவர் கொடுத்த கடிதத்தில் "இலகுவான வேலை தரலாம்" என்று ஒரே ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவருக்கு எங்கள் வேலை தெரியாது, எனக்கு அக்காவின் உடம்பு தெரியாது. அதனால் இன்று மாலை அக்காவின் பழைய வேலைநாளை ஒரு பக்கத்தில் எழுதினேன். எவ்வளவு நேரம் திரை முன்னால், எத்தனை பில் பதிவு, எத்தனை ஃபோன், கோப்புப் பெட்டி தூக்குவது, மாதக் கடைசியில் இரவு வரை உட்காருவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: முடியும், மாற்றத்தோடு முடியும், இப்போது வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டி நிரப்பி வாங்கி வருவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 27, புதன்

தாள் திரும்பி வந்தது. இப்போது எல்லாம் தெளிவு. முதல் நான்கு வாரம் திங்கள், புதன், வெள்ளி மட்டும், நாளுக்கு 4 மணி நேரம். கூட்ட நெரிசல் ஓய்ந்த பிறகு வந்தால் போதும். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையால் பெட்டி தூக்க வேண்டாம். கீமோ மருந்தால் விரல் நுனிகள் மரத்திருக்கின்றன, தட்டச்சு மெதுவாகத்தான் வரும். மாதக் கணக்கு முடிப்பு இப்போது வேண்டாம்.

மற்றவர்களிடம் என்ன சொல்லலாம் என்றும் கேட்டுக்கொண்டேன். "சிகிச்சை முடிஞ்சது, கொஞ்ச நாள் பாதி நேரம் வருவேன், அவ்வளவுதான் சொல்லு. மத்ததை நான் விரும்பினா சொல்றேன்." அந்த வார்த்தைகளையே டீமிடம் சொன்னேன், ஒன்றும் கூட்டவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அக்காவின் லாகின் முடங்கியிருந்தது, நாற்காலியில் வேறு ஒருவர். இரண்டையும் இன்றே சரிசெய்தோம். முதல் நாளின் 4 மணி நேரம் பாஸ்வேர்டுக்குக் காத்திருந்தே தீர்ந்துவிடக் கூடாது.

செப்டம்பர் 1, திங்கள்

வந்தார். ஆளாளுக்கு "நல்லாயிட்டீங்களே!" என்றார்கள். அன்பில் சொன்னதுதான். ஆனால் வெளியே நன்றாகத் தெரிகிறவரிடம் "இன்று முடியவில்லை" என்ற பேச்சை அது வாயிலேயே அடைத்துவிடுகிறது. அக்காவின் முகத்தில் அதைக் கண்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று அக்கா வரவில்லை. காலையில் ஃபோனில், "எழுந்திருக்கவே முடியலம்மா. நேத்து முழுக்கத் தூங்கினேன், இன்னும் தீரல." தூங்கினாலும் தீராதது புற்றுநோய்ச் சோர்வின் குணம். சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில்கூட நீடிக்கும். அக்காவுக்கு, அதிகமாகச் செய்த நாளில் உடம்பு காட்டிக்கொடுக்காது, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் வசூல் செய்யும்.

அதனால் புதன்கிழமைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். தவறு என்னுடையது. முன்பு அக்கா 8 மணி நேரத்தில் 80 பில் பதிவார். நேரம் பாதி, ஆகவே வேலையும் பாதி என்று கணக்குப் போட்டு 40 பில் கொடுத்திருந்தேன். மரத்த விரல், இடையில் மாறிவிட்ட மென்பொருள், எடுக்க வேண்டிய ஓய்வு, இவற்றுக்கெல்லாம் அந்தக் கணக்கில் இடமே இல்லை. அக்கா ஒரு முறைகூட எழுந்திருக்காமல் 40-ஐயும் முடித்திருக்கிறார். முதல் மூன்று மணி நேரத்தில் ஒரு பிழையும் இல்லை. கடைசி மணியில் ஒரே பில் இரண்டு முறை பதிவு, இரண்டு தொகைகளில் இலக்கம் இடம் மாறியிருக்கிறது. நான் அன்றே அந்த நேரங்களைப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். நாளுக்கு 25 பில். பத்துப் பத்தாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் கூட்டுத்தொகையையும் அங்கேயே சரிபார்ப்பது. விரல் தவறினால் பத்துக்குள் பிடிபடும், நாள் முடிவில் எல்லாவற்றையும் துழாவ வேண்டாம். 50 நிமிடத்துக்கு ஒரு முறை 10 நிமிட ஓய்வு, களைப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். களைத்த பின் எடுக்கும் ஓய்வு அக்காவுக்குப் போதவில்லை.

ஃபோனை அக்கா மேசையிலிருந்து எடுத்துவிட்டோம். "யாராவது இடையில பேசினா எங்க விட்டேன்னே தெரியல, சொல்லே வாயில வரமாட்டேங்குது" என்றார் கொஞ்சம் பயத்தோடு. கீமோவுக்குப் பிறகு பலருக்கு இப்படி ஆவதுண்டு. எழுந்திருக்கும் முன் நிறுத்திய இடத்தைத் துண்டுத் தாளில் எழுதிவைக்கிறார். இதனால் அக்காவின் அறிவு குறைந்துவிட்டதென்று யாராவது நினைத்தால் எனக்குக் கோபம் வரும். எங்களில் யாரும் கவனிக்காத ஒரு வரிப் பிழையை இன்று அவர்தான் பிடித்தார்.

செப்டம்பர் 26, வெள்ளி

தினமும் காலையில் எழுந்ததும் சோர்வுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதுகிறார். மாலை எண்ணை நாங்கள் கேட்பதில்லை, வேலை முடித்த மகிழ்ச்சியில் அது குறைவாகவே வரும். இந்த வார வேலைநாட்களுக்கு மறுநாள் காலைகள்: செவ்வாய் 6, வியாழன் 7. திட்டப்படி அடுத்த வாரம் 5 மணி நேரம் ஆக வேண்டும். எண் ஏறிக்கொண்டிருக்கும்போது நேரத்தைக் கூட்டுவதில்லை என்று முன்பே பேசியிருந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம்.

மேலாளர், "முழு நேரம் எப்போ?" என்று கேட்டார். தேதி சொல்லவில்லை. எண்களையும் பிழைக் கணக்கையும் காட்டினேன். 15-ஆம் தேதிக்குப் பிறகு இரட்டைப் பதிவு ஒன்றும் இல்லை. சரி என்றார்.

அக்காவின் மிச்ச வேலையைச் சுமக்கும் தம்பியிடமும் பேச வேண்டியிருந்தது. எட்டு மாதமாகத் தாங்குகிறவன், அக்கா வந்ததும் சுமை இறங்கும் என்று நம்பியிருந்தான். முகம் சுருங்கியதில் நியாயம் இருக்கிறது. அவனிடமிருந்து 15 பில்லை நான் எடுத்துக்கொண்டேன். அக்கா காதில் அந்த முணுமுணுப்பு விழுந்தால் நாளைக்கே 40 பில்லுக்குத் திரும்பிவிடுவார், எனக்குத் தெரியும்.

அக்டோபர் 13, திங்கள்

காலை எண்கள் இரண்டு வாரமாக 3, 4. இன்று முதல் 5 மணி நேரம், ஆனால் அதே 25 பில். நேரத்தையும் வேலையையும் சேர்த்துக் கூட்டினால், சறுக்கும்போது எது சறுக்கியது என்று தெரியாது.

அக்டோபர் 28, செவ்வாய்

நேற்று 30 பில். அக்காவே கேட்டு வாங்கியது. "வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை எப்போ தருவே?" என்றும் கேட்டார். அதற்கு ஒரே மூச்சாக இரண்டு மணி நேரக் கவனம் வேண்டும். முதலில் ஒரே ஒரு வங்கிக் கணக்கு, அதுவும் வெள்ளிக்கிழமை, பின்னால் இரண்டு நாள் ஓய்வு இருக்கிறது என்று முடிவு செய்தோம். இன்று காலை எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்: 3.