தம்பி என்று கூப்பிட்டால் திரும்பும் ரோபோ

ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாசலில் நிற்க எங்கள் குழு ஒரு ரோபோ செய்து கொடுத்தது. இடுப்பு உயரம், திரும்பும் தலை, நெஞ்சில் ஒரு திரை. "பட்டு எந்த மாடி", "பில் எங்கே போடுவது", "பாத்ரூம் எங்கே" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதில் காது என் பொறுப்பு.

அழைப்புச் சொல்லைக் கடை முதலாளியே முடிவு செய்துவிட்டார். "நம்ம கடைப் பையன் மாதிரி இருக்கணும். தம்பின்னு கூப்பிட்டா திரும்பணும்" என்றார். எங்களுக்கும் பிடித்திருந்தது. அலுவலகத்தில் பத்துப் பேர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம், அழகாகத் திரும்பியது. ஆடித் தள்ளுபடியின் முதல் சனிக்கிழமை கடையில் வைத்தோம். ரோபோவின் தலை ஓயவே இல்லை.

அனுமதி வாங்கி ஒரு மணி நேரம் பதிவு செய்து, அன்றிரவு உட்கார்ந்து கேட்டேன். 41 முறை விழித்திருந்தது. அதில் "நம்பி வாங்குங்க", "கம்பி" போன்றவற்றில் ஏமாந்தது 15. மீதி 26 முறையும் யாரோ உண்மையாகவே "தம்பி" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, அந்த மாம்பழ மஞ்சளை எடுப்பா", "தம்பி, இதுல வேற பார்டர் இல்லையா". ஒன்றுகூட ரோபோவைப் பார்த்துச் சொன்னதில்லை. அதாவது, பிழையே செய்யாத மாடலை வைத்திருந்தாலும் மணிக்கு 26 முறை விழித்திருக்கும். அதற்கு முன், கேட்டது அழைப்புச் சொல்தான் என்று மாடல் எவ்வளவு உறுதியாகச் சொன்னால் விழிக்கலாம் என்ற நுழைவு எல்லையை நான் 0.5-இலிருந்து 0.8-க்கு ஏற்றிப் பார்த்திருந்தேன். அப்போது பொய் விழிப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிஜமாகக் கூப்பிட்டவர்கள் மூன்று முறை கத்த வேண்டியதாயிற்று. இரண்டே அசையுள்ள குட்டிச் சொல்லில் மாடல் பிடித்துக்கொள்ள ஒலிகள் மிகக் குறைவு, அதனால் எல்லையை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் நஷ்டம்தான்.

முதலாளியிடம் அந்தப் பதிவையே போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் கேட்டுவிட்டுச் சிரித்தார். பெயர் "சிட்டுக்குருவி" ஆனது. ஐந்து அசை, நடுவில் இரண்டு அழுத்தமான வல்லினம், புடவைக் கடையில் யார் வாயிலும் தற்செயலாக வராது. செயற்கைக் குரல்களும் கடை ஊழியர்களின் குரல்களுமாகச் சேர்த்து, அந்தச் சனிக்கிழமை இரைச்சலையே மேலே கலந்து பயிற்சி கொடுத்தோம். குழந்தைகள் வெறும் "குருவி" என்று கூப்பிடுவார்கள், அதற்குத் திரும்பாது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பெயர் சரியானதும்தான் அடுத்த வம்பு கண்ணில் பட்டது. விழித்த பிறகு ரோபோ பேச்சைப் பதிவு செய்து, பேச்சு நின்றதும் அதை எழுத்தாக மாற்ற அனுப்ப வேண்டும். பேச்சு நின்றதா என்று சொல்வது விஏடி, பேச்சு இருக்கிறதா இல்லையா என்று கண்டறியும் பகுதி. 30 மில்லி செகண்ட் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். தொடர்ந்து 700 மில்லி செகண்ட் "இல்லை" வந்தால் கேள்வி முடிந்தது என்று வைத்திருந்தோம். பதிவுக் கோப்புகளைப் பார்த்தால் எல்லாமே சரியாக 10 விநாடி. 10 விநாடிதான் நாங்கள் பாதுகாப்புக்காக வைத்திருந்த உச்ச வரம்பு. இப்படி எல்லாக் கோப்பும் ஒரே நீளத்தில் இருந்தால், பேச்சின் முடிவை ஒரு முறைகூடக் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் போட்டிருந்தது WebRTC என்ற இணைய அழைப்பு மென்பொருளின் விஏடி, அதை மிகக் கண்டிப்பான 3-ஆம் நிலைக்கு மாற்றினேன். பயனில்லை. நரம்பு வலைப்பின்னலில் ஓடும் Silero என்ற வேறொரு விஏடியைப் போட்டேன், அதுவும் கிட்டத்தட்ட எல்லாத் துண்டுக்கும் "ஆம்" என்றது. இரண்டு நாள் அதைத் திட்டிய பிறகுதான் புரிந்தது, அவை சொன்னது சரி. ஃபேன் சத்தம், ஏசி சத்தம் என்றால் தள்ளிவிடும். ஆனால் கடையின் இரைச்சல் என்பதே மனிதப் பேச்சு. பேச்சு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்லும். எனக்குத் தேவை வேறு கேள்வி: கூப்பிட்டவர் இன்னும் பேசுகிறாரா?

அதற்கு உதவியது தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் ஒலி 6 டெசிபெல் குறையும். முக்கால் மீட்டரில் நிற்பவருக்கும் மூன்று மீட்டரில் நிற்பவருக்கும் 12 டெசிபெல் வித்தியாசம். கடைக்குள் எதிரொலி இருப்பதால் அவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் வித்தியாசம் இருக்கும். அழைப்புச் சொல்லே நமக்குக் கிடைக்கும் அளவுகோல். அதைச் சொன்னபோது ஒலி எவ்வளவு இருந்தது, அதற்கு முந்தைய 3 விநாடியில் கூட்டத்தின் ஒலி எவ்வளவு என்று இரண்டையும் எடுத்துக்கொண்டேன். இடைவெளி 6 டெசிபெல்லுக்குக் குறைவென்றால் யாரோ தூரத்தில் சொல்கிறார்கள், திரும்பவே வேண்டாம். அதிகமென்றால், ஒலி அழைப்பைவிட 6 டெசிபெல் கீழே போனதும் கேள்வி முடிந்தது.

காகிதத்தில் அழகு, கடையில் எல்லா எண்ணும் ஒன்றுபோல வந்தது. அழைப்புக்கும் கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. காரணம் மைக் பலகையில் இருந்த ஏஜிசி. ஒலி குறைந்தால் தானாகவே கூட்டிக் கொடுக்கும் வசதி அது. அருகில் பேசுபவர் ஓய்ந்ததும் கூட்டத்தின் சத்தத்தை அதே உயரத்துக்குத் தூக்கிவிடும். நான் அளக்க நினைத்த இடைவெளியை அது கவனமாக நிரப்பிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் எண்கள் பிரிந்தன. இப்படி அளக்கப் போகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு பெரியம்மா வந்தார். "சிட்டுக்குருவீ" என்று ஓங்கிக் கூப்பிட்டார். தலை திரும்பியதும், குழந்தையிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி, "கல்யாணப் பட்டு எங்கடா கண்ணு இருக்கு" என்றார். பதிவில் "கல்யாண" மட்டும் இருந்தது. மைக் பதிவு செய்யும் உச்சத்தை 0 என்று வைத்தால், டெசிபெல்லில் அவருடைய அழைப்பு −26, கூட்டம் −40, கேள்வி −33. என் கோடு −32-இல் இருந்ததால், குரல் தாழ்ந்ததுமே கதவைச் சாத்திவிட்டது. பாதிப் பேர் இப்படித்தான் கூப்பிடும்போது கத்திவிட்டு, கேட்கும்போது குரலைக் குறைத்துக்கொள்கிறார்கள். அழைப்பிலிருந்து கீழே அளக்காமல் கூட்டத்திலிருந்து மேலே அளக்க வேண்டும் என்று மாற்றினேன்:

```python
gate_db = floor_db + 0.4 * (call_db - floor_db)
done = quiet_ms >= 700 or total_ms >= 6000
```

`floor_db` கூட்டத்தின் ஒலி, `call_db` அழைப்பின் ஒலி, `gate_db` புதிய கோடு. பெரியம்மாவின் கணக்கில் கோடு இப்போது −34.4. அவருடைய −33 உள்ளே வந்துவிடும். `quiet_ms` என்பது ஒலி இந்தக் கோட்டுக்குக் கீழே தொடர்ந்து இருந்த நேரம். `total_ms` என்பது மொத்தப் பதிவு நேரம், அதன் உச்ச வரம்பை 10 விநாடியிலிருந்து 6-ஆகக் குறைத்துவிட்டேன். ஒவ்வொரு துண்டையும் தனியாக ஒப்பிட்டால் அசைக்கு அசை ஏறி இறங்கும் என்பதால், 300 மில்லி செகண்டுக்குச் சராசரி எடுத்து ஒப்பிட்டேன். 0.4 எப்படி வந்தது என்றால், பதிவுகளை வைத்து 0.3, 0.4, 0.5 மூன்றையும் ஓட்டிப் பார்த்ததில் வந்தது. 0.3-இல் கூட்டம் உள்ளே வந்தது, 0.5-இல் மெல்லப் பேசியவர்கள் வெளியே போனார்கள்.

இதற்குப் பிறகு பெரும்பாலான கோப்புகள் 2, 3 விநாடியில் முடிந்தன. 6 விநாடி வரம்பைத் தொட்டவற்றை மட்டும் வாரம் ஒரு முறை கேட்பேன். அநேகமாக எல்லாவற்றிலும் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒரே தூரம், ஒரே திசை, என் கணக்கில் இருவரும் ஒரே ஆள். போன வாரக் கோப்பில் ஓர் அம்மா "சுடிதார் மெட்டீரியல் எந்த மாடி" என்கிறார், உடனே அவர் வீட்டுக்காரர், "போய் அந்தப் பையன்கிட்ட கேளேன், இதுகிட்டயா கேப்ப" என்கிறார். ரோபோ இரண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டு, "இரண்டாவது மாடி" என்று பதில் சொல்லியிருந்தது.