மாக்கப் செய்முறைத் தேர்வு: வெளிச்சம் எந்தப் பக்கம் விழும்?

ரிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸாகிவிட்டேன். மாக்கப் என்றால் நாம் வடிவமைத்த ஆப் திரையை ஒரு நிஜப் படத்திலுள்ள போனில் பொருத்திக் காட்டுவது. குன்னூரில் எங்கள் பேட்சில் அந்தக் கேள்வியில் மார்க் போனவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விட்டார்கள்: ஃபோட்டோஷாப்பில் போனைச் சுற்றி ஒளிவட்டம் போடும் அவுட்டர் குளோ. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் திரையைப் போடத் தெரியாதவர்கள் முதலில் அதைப் பழகிவிட்டு வாங்க.

கேள்வி இதுதான். கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலை எடை போடும் ஷெட். மாலை நேரம், பனிமூட்டம், ஒரே ஒரு மஞ்சள் பல்பு. ஒரு அக்கா கையில் போன், திரை அணைந்திருக்கிறது. நாம் வடிவமைத்த எடைப் பதிவு ஆப்பை அதில் பொருத்த வேண்டும்.

திரை ஒளி முன்னால் மட்டும்தான் போகும். போனின் முதுகைத் தாங்கும் விரல்களில் அது விழவே விழாது. திரை விளிம்பைத் தாண்டி முன்னால் வரும் கட்டைவிரலின் உள்பக்கத்திலும், முகம் அருகில் இருந்தால் தாடையிலும்தான் விழும். அவுட்டர் குளோ நாலு பக்கமும் சமமாகப் பரவுவதால் போன் நியான் போர்டு மாதிரி தெரியும். நான் செய்தது: திரையின் நகலை எடுத்து, திரை அகலத்தில் பாதியளவுக்கு காஸியன் பிளர் கொடுத்து, ஸ்கிரீன் பிளெண்ட் மோடில் வைத்து, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, கட்டைவிரல் ஓரத்தில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் மெதுவாகத் திறந்தேன். திரையின் சொந்த நிறமே பரவுவதால் நிறம் தேட வேண்டியதில்லை. மஞ்சள் பல்புக்குப் பக்கத்தில் வெள்ளைத் திரை கொஞ்சம் நீலமாகத்தான் தெரியும், அதை மஞ்சளாக்காதீங்க. பனியில் மட்டும் ஒரு சலுகை உண்டு: நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் திரைக்கு முன்னால் மெல்லிய புகைபோல ஒரு ஒளி நியாயம்தான். நல்ல வெயில் படம் வந்தால் இந்த லேயரே வேண்டாம்.

சரிபார்க்க:
- திரையின் வெள்ளை பல்பை விடப் பிரகாசமாக இருக்கக் கூடாது.
- கை அருகே உள்ள மிக இருண்ட இடத்தை ஐட்ராப்பரால் பாருங்க. அது 20 என்று காட்டினால் திரையின் கறுப்பும் லெவல்ஸில் அங்கே உயர வேண்டும். 0-வில் விட்டால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

திரையைச் சுற்றியுள்ள ஓரம்தான் பெசல். அதற்குக் கண்ணை நம்பாதீங்க, கணக்குப் போடுங்க. ஐபோன் 15-இன் உடல் அகலம் 71.6 மி.மீ. திரை 1179 பிக்சல், அங்குலத்துக்கு 460, அப்படியானால் 65.1 மி.மீ. மிச்சம் 6.5, ஒரு பக்கத்துக்கு 3.25, உலோக விளிம்பையும் சேர்த்து. என் படத்தில் போன் 430 பிக்சல் அகலம். திரைக்கு 391, ஓரத்துக்கு ஏறக்குறைய 20. வெளி மூலை வளைவின் ஆரத்தில் இந்த 20-ஐக் கழித்தால் உள் வளைவு வரும். இரண்டுக்கும் ஒரே ஆரம் கொடுத்தால் மூலையில் மட்டும் பெசல் தடித்துவிடும். 1080×2400 ஆண்ட்ராய்டு திரையை இதில் இழுத்து நிரப்பாதீங்க. புரொஃபைல் வட்டம் முட்டையாகிவிடும்.

அடுத்தது படிக்க முடிகிற அளவு. நான் வடிவமைத்த ஃபிரேம் 393 அகலம், படத்தில் திரை 391. ஆக 16 அளவு எழுத்து அதே 16 பிக்சல்தான். ஆனால் திருத்துபவர்கள் 2000 பிக்சல் படத்தைப் பாதியாகச் சுருக்கிப் பார்த்தார்கள். 16 எட்டாகிறது, 11 அளவுக் குறிப்பு ஐந்தரை ஆகிறது. சுருங்கும்போது தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. "பச்சைத் தேயிலை" என்பதில் இரண்டு புள்ளியும் தெரிகிறதா என்று 50 சதவீத ஜூமில் பாருங்க, அதை விட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஆப்பின் உண்மையான பக்கத்தில் பத்து வரிப் பட்டியல் இருந்தது. மாக்கப்புக்காக அதைத் தூக்கிவிட்டு, நடுவில் 56 அளவில் "42.5 கிலோ", மேலே விவசாயி எண், கீழே ஒரு பட்டன், அவ்வளவுதான் வைத்தேன். இது ஏமாற்று என்று வாதாடும் நண்பர்கள் உண்டு. யாராலும் படிக்க முடியாத பத்து வரியை வைப்பதில் என்ன நேர்மை என்று எனக்குப் புரியவில்லை.

பெசல் கணக்கை வைவாவில் யாரும் கேட்கவில்லை, அது கொஞ்சம் வருத்தம்தான். கேட்டது ஒன்றே: "வெளிச்ச லேயரை அணைச்சுக் காட்டுங்க." லேயர்களை ஒன்றாக்கிக் கொடுத்தவர்களால் காட்ட முடியவில்லை. பி.எஸ்.டி. ஃபைலை அப்படியே, லேயருக்குப் பெயர் வைத்துக் கொடுங்க.