மேட்டூர் அணையின் கரை எங்கே இருக்கிறது?

முதலில் ஆட்டோ கதை. மேட்டூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பண்ணவாடி பரிசல் துறைக்குப் போக வேண்டும் என்றேன். 600 ரூபாய் பேசி ஏறினேன். கொளத்தூர் தாண்டி, பண்ணவாடியில் வண்டி நின்றது. தண்ணீர் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. "துறை இதுதான் சார். தண்ணி ஓரம் வரைக்கும்னா இன்னும் 200 ஆகும்" என்றார் ஓட்டுநர். துறைக்கு என்றுதானே பேசினோம் என்று கேட்டேன். துறை தண்ணீரோடு நகர்ந்து போய்விட்டது என்றார். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. அன்றைய பட்ஜெட்டில் சாப்பாட்டுக்கு ஒதுக்கியதில் பாதி அங்கேயே காலி. ஆளைத் தனியாகப் பிடித்து இப்படிக் கேட்பது அநியாயம்தான். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. கரை உண்மையிலேயே நகர்ந்திருந்தது.

செல்போனில் மேப்பைத் திறந்தேன். நான் நிற்கும் இடம் நீல நிறத்துக்கு நடுவே காட்டியது. காலடியில் பாளம் பாளமாக வெடித்த வண்டல். பக்கத்திலேயே சோளம் விதைத்து முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. மேப்பில் வரைந்திருப்பது அணை நிரம்பியிருக்கும் நாளின் கோடு. ஊர்ப் பட்டியல்களிலும் பொது அறிவுப் புத்தகங்களிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பரப்பு 153 சதுர கிலோமீட்டர் என்று போட்டிருப்பதும் அதே நாளின் கணக்குதான். முழுக் கொள்ளளவான 120 அடியில், 93.47 டி.எம்.சி. தண்ணீர் இருக்கும்போது மட்டும் அந்த எண் சரி. நான் போன கோடையில் நீர்மட்டம் 50 அடியை ஒட்டித்தான் இருந்தது.

அப்படியானால் அன்றைக்குப் பரப்பு எவ்வளவு? இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அதுவும் பேப்பரில் தினமும் வரும் செய்தியை வைத்தே. "நீர்மட்டம் இவ்வளவு அடி, நீர் இருப்பு இவ்வளவு டி.எம்.சி." என்று வரும் இல்லையா, அதில் அடுத்தடுத்த இரண்டு மட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 119 அடியில் இருப்பு 91.88 டி.எம்.சி., 120 அடியில் 93.47. அதாவது அந்தக் கடைசி ஒரு அடியை நிரப்ப 1.59 டி.எம்.சி. வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 159 கோடி கன அடித் தண்ணீர் ஒரே அடி உயரத்துக்குப் பரவி நிற்கிறது என்றால், அதன் பரப்பு 159 கோடி சதுர அடி. ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1.076 கோடி சதுர அடி. வகுத்தால் 148 சதுர கிலோமீட்டர் வருகிறது. பட்டியலில் இருக்கும் 153-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

இப்போது கோடைக்கு வருவோம். 40 அடியில் இருப்பு சுமார் 12 டி.எம்.சி., 50 அடியில் 18-ஐ நெருங்கும். பத்து அடிக்கு ஏறக்குறைய 6 டி.எம்.சி., அடிக்கு 0.6. அதே வகுத்தலைப் போட்டால் 55 சதுர கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. பட்டியல் சொல்வதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீரின் அளவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தும் பரப்பு அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. பரப்பு சுருங்குவதோடு ஆழமும் குறைகிறது, தண்ணீரின் அளவு இரண்டையும் சேர்த்துத்தான் வருகிறது. இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. இருப்பு எண்கள் மட்டத்தை வைத்து ஒரு அட்டவணையிலிருந்து எடுப்பவை. 1934-இல் கட்டி முடித்த அணை இது. அடியில் வண்டல் சேரச் சேர, கீழ் மட்டத்து எண்கள் நிஜத்தைவிட்டு விலகும். அதனால் 55 என்பதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பக்கமும் கரை ஒரே மாதிரி ஓடுவதில்லை. காலையில் அணைப் பக்கம் போயிருந்தேன். அங்கே பாலமலையும் சீதாமலையும் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கின்றன. தண்ணீர் பல அடி இறங்கியிருப்பது பாறையில் படிந்த வெளிறிய கோடுகளில் தெரிகிறது, ஆனால் தண்ணீரின் ஓரம் மலையடியிலேயேதான் இருக்கிறது. பண்ணவாடியில் நிலம் தட்டை. நூறு அடி நடந்தால் ஒரு அடி சரியும் நிலம் என்று வைத்துக்கொண்டால், மட்டம் ஒரு அடி இறங்கும்போது கரை நூறு அடி தள்ளிப் போகும். 70 அடி இறங்கினால் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். எனக்கு 200 ரூபாய் பழுத்தது அந்தச் சரிவால்தான்.

இறங்கி நடந்ததும் வந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முழுசாக வெளியே உட்கார்ந்திருக்கிறது. கழுத்து மணிகளின் இடுக்கில் காய்ந்த பாசியும் சின்னச் சின்னச் சிப்பிகளும் ஒட்டியிருந்தன. கொஞ்சம் தள்ளிப் பழைய தேவாலயத்தின் கோபுரங்கள். அணை கட்டும்போது ஊர் காலி செய்யப்பட்டு மூழ்கிய இடம் இது. மட்டம் நன்றாக இறங்கினால்தான் நந்தியும் கோபுரங்களும் தலைகாட்டும். மேட்டூரில் நான் பார்த்ததிலேயே சிறந்தது இதுதான், அணைப் பூங்கா எல்லாம் இதன் பக்கத்தில் வராது.

நாகமறைக்குப் படகு ஓட்டுபவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நிறைஞ்சா இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க நேரமாகும் தம்பி. இப்ப நடக்கிற நேரம்தான் அதிகம்" என்றார். தண்ணீர் இறங்க இறங்கத் துறையை மாற்றி மாற்றிப் போடுவார்களாம். அப்புறம் அணை நிரம்ப ஆரம்பித்தால் சில வாரத்தில் எல்லாம் மேலே ஏற வேண்டும். 2024-இல் அப்படித்தான் நடந்தது. ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த அணை, அதே மாதக் கடைசியில் 120 அடியைத் தொட்டது. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வழிந்ததால் வந்த தண்ணீர். ஒரே மாதத்துக்குள் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு! வழக்கமான ஆண்டுகளில் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டா பாசனத்துக்குத் திறப்பார்கள். வரத்து அதிகமாக இருக்கும் வரை மட்டம் நிற்கும், மழை ஓய்ந்ததும் திறப்பு ஜெயிக்கும், கரை உள்ளே நகரும்.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்குப் பரப்பைச் சொல்லும்போது கோடையில் 906, மழைக்காலத்தில் 1,165 சதுர கிலோமீட்டர் என்று இரண்டு எண்ணாகவே கொடுப்பார்கள். மேட்டூருக்கும் அப்படிப் போட்டால் என்ன கெட்டுவிடும்? எந்த மட்டத்தில், எந்த மாதத்தில் என்று சொல்லாத பரப்பு எண் எனக்கு வேண்டாம்.

சரி, சாப்பாடு. அணைக்குப் பக்கத்தில் கடைகள் வரிசையாக மீன் வறுத்துக்கொண்டிருக்கின்றன. ஜிலேபி மீன், கண்ணெதிரே மசாலா தடவிக் கல்லில் போட்டுக் கொடுத்தார்கள். ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே வெந்த சூடு ஆறாமல். 120 ரூபாய்க்கு இரண்டு மீன், கூடவே ஒரு தட்டுச் சோறும் குழம்பும். ஆட்டோவில் போன காசுக்கு இன்னும் ஆறு தட்டு வாங்கியிருக்கலாம்.

போகிறவர்களுக்கு: நந்தியைப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல், மே. கிளம்புவதற்கு முன் அன்றைய நீர்மட்டத்தைப் பாருங்கள், மட்டம் இறங்காமல் இருந்தால் பண்ணவாடிப் பயணம் வீண். கடல் போலத் தண்ணீர் வேண்டுமானால் ஆகஸ்டுக்குப் பிறகு. மேட்டூரிலிருந்து கொளத்தூருக்கு டவுன் பஸ் உண்டு. ஆட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்றால் "துறை வரைக்கும்" என்று பேசாதீர்கள், "தண்ணீர் ஓரம் வரைக்கும்" என்று பேசி ஏறுங்கள்.